அன்னம் போன பின்னும் போகாத படம்: சிடிஎன் கேஷுடன் மூன்றாண்டு அனுபவம்

மொரீசியசின் ரோஸ் ஹில் நகரில் பூசைப் பொருள்களும் பித்தளை விளக்குகளும் விற்கும் ஒரு கடையின் இணையதளத்தை 2023 முதல் நான் பராமரித்து வருகிறேன். தளத்தின் மூல சர்வர் பிரான்சில் இருக்கிறது. வாங்குபவர்களோ மொரீசியசிலும் ரியூனியனிலும் இருக்கிறார்கள். ஒவ்வொரு படமும் ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து வருவதைத் தவிர்க்கத்தான், படங்களின் பிரதிகளை வாங்குபவர்களுக்கு அருகிலேயே வைத்துக் கொடுக்கும் சிடிஎன் சேவையை வைத்தோம். வேகத்தைப் பொறுத்தவரை அன்று முதல் இன்றுவரை எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒரு படத்தை அதே பெயரில் மாற்றிய பிறகும் பழைய படமே சிலருக்குத் தெரிந்துகொண்டிருப்பது என்ற ஒரே தொல்லை, மூன்று வெவ்வேறு காரணங்களால் மூன்று முறை வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2024 ஜனவரி 25 அன்று தைப்பூசக் காவடி. அதற்கு முந்தைய வாரங்கள்தான் கடைக்கு ஆண்டின் பெரிய வியாபாரம். 24 அங்குலக் குத்துவிளக்கில், உச்சியில் அன்னம் வைத்த வகை தீர்ந்துபோய், குமிழ் முனை வைத்த வகை வந்திருந்தது. ஜனவரி 15 காலையில் புதிய படத்தை எடுத்து, பழைய கோப்பின் மேலேயே, `vilakku-24.jpg` என்ற அதே பெயரில் ஏற்றினேன். என் கணினியில் திறந்து பார்த்தேன். குமிழ் முனை தெரிந்தது. வேலை முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

17ஆம் தேதி மாலை, காரைக்காலிலிருந்து ரியூனியனில் குடியேறிய ஓர் அம்மையாரின் ஆர்டரைக் கட்டி, அனுப்புவதற்கு முன் வழக்கம்போல் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினோம். உடனே தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நான் பார்த்த விளக்குல அன்னம் இருந்துச்சே, இதுல காணோமே?" என்றார். அவர் தன் கைப்பேசித் திரையைப் பிடித்து அனுப்பிய படத்தில், புதிய விளக்கம், புதிய விலை, அவற்றின் மேலே பழைய அன்னம். எழுத்து மாறி, படம் மட்டும் மாறாமல் இருப்பது கேஷ் கோளாறின் தெளிவான அடையாளம்; பக்கம் மூல சர்வரிலிருந்து நேரடியாக வருகிறது, படம் வழியில் ஏதோ ஓர் இடத்தில் தங்கிவிட்டது.

எனக்குப் புதியதும் அவருக்குப் பழையதும் தெரிந்ததற்குக் காரணம் எளியது. சிடிஎன் என்பது ஒரே கிடங்கு அன்று. பல ஊர்களில் உள்ள பல கிடங்குகள். ஒவ்வொன்றும் தன்னிடம் முதலில் கேட்கப்பட்ட நேரத்தில் ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, அதன் காலம் முடியும்வரை அதையே கொடுக்கும். எனக்கு அருகிலுள்ள கிடங்கில் அந்தப் பிரதி காலாவதியாகியிருந்தது; அவருக்குப் பதில் சொன்ன கிடங்கில் இன்னும் உயிரோடு இருந்தது. ஆகையால், "எனக்குச் சரியாகத் தெரிகிறது" என்பது இந்த விஷயத்தில் சாட்சியமே அல்ல. ரியூனியனின் சான் தெனியில் படிக்கும் உறவினர் பையனிடம் சொல்லி, அங்கிருந்து இந்தக் கட்டளையை ஓட்டச் செய்தேன்.

```
curl -sI "https://img.example.com/vilakku-24.jpg?ver=2"

cache-control: public, max-age=604800
age: 412380
etag: "650a3c17-2b7e4"
x-cache: HIT
```

இதில் படிக்க வேண்டியவை இரண்டே வரிகள். `age` என்பது அந்தப் பிரதி மூல சர்வரிலிருந்து வந்து எத்தனை வினாடிகள் ஆயின என்பது. 412380 வினாடி என்றால் ஏறத்தாழ நான்கே முக்கால் நாள். அதாவது நான் படத்தை மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அது அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. அனுமதிக்கப்பட்ட காலம் 604800 வினாடி, அதாவது ஏழு நாள். ஆக, யாரும் தொடாவிட்டால் இன்னும் இரண்டு நாளும் ஐந்து மணி நேரமும் அன்னமே தெரிந்திருக்கும். இரண்டாவது வரி `etag`. அது கோப்பின் கைரேகை போன்றது. எங்கள் மூல சர்வரான என்ஜின்எக்ஸ் அதைக் கோப்பு மாற்றப்பட்ட நேரத்தையும் அதன் அளவையும் வைத்து அமைப்பதால், கோப்பு மாறினால் அதுவும் மாறும். சிடிஎன்னைத் தாண்டி மூல சர்வரையே நேரடியாகக் கேட்க வேண்டுமானால், அதன் முகவரியைக் கட்டளையிலேயே கொடுக்கலாம்.

```
curl -sI --resolve img.example.com:443:203.0.113.10 \
  "https://img.example.com/vilakku-24.jpg?ver=2"

etag: "65a4d2e8-1f9c0"
```

இரண்டு கைரேகைகளும் வேறு. மூல சர்வர் சரி, சிடிஎன்தான் பழையதைக் கொடுக்கிறது என்பது உறுதியாயிற்று.

இதில் என் முதல் தவறையும் சொல்ல வேண்டும். அது அன்று மாலையே, மேலே சொன்ன சோதனைக்கு முன்பே நடந்துவிட்டது. சிடிஎன் பலகத்தில் `vilakku-24.jpg` என்ற முகவரியைக் கொடுத்துப் பர்ஜ் செய்தேன், அதாவது கிடங்குகளில் உள்ள அதன் பிரதிகளை அழிக்கச் சொன்னேன். "வெற்றி" என்று பச்சை நிறத்தில் பதில் வந்தது. அதன் பிறகும் அம்மையாருக்கு அன்னம்தான் தெரிந்தது. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தபோதுதான், தளத்தின் வார்ப்புரு ஒவ்வொரு படத்தின் முகவரிக்குப் பின்னும் `?ver=2` என்று ஒட்டுவது கண்ணில் பட்டது. மூல சர்வருக்கு அந்த ஒட்டு பொருட்டே இல்லை, ஒரே கோப்பைத்தான் கொடுக்கும். ஆனால் எங்கள் சிடிஎன்னின் கணக்கில் ஒட்டு உள்ள முகவரியும் இல்லாத முகவரியும் இரண்டு தனிப் பொருள்கள். நான் பர்ஜ் செய்தது யாருமே பார்க்காத ஒரு முகவரியை. அந்தப் பச்சைச் செய்தி "உங்கள் கட்டளை கிடைத்தது" என்று சொல்கிறதே தவிர, "அங்கே ஒரு பிரதி இருந்தது, அழித்துவிட்டோம்" என்று சொல்வதில்லை. பலகத்தை வடிவமைத்தவர்கள்மேல் எனக்கு இன்றும் இந்த ஒரு மனத்தாங்கல் உண்டு.

அன்று முதல், பர்ஜ் செய்ய வேண்டிய முகவரியை நான் நினைவிலிருந்து தட்டுவதில்லை. உலாவியில் உள்ள பக்கத்திலிருந்தே எழுத்துப் பிசகாமல் எடுக்கிறேன். சரியான முகவரியைக் கொடுத்த பிறகு, சான் தெனியிலிருந்து ஓட்டிய முதல் சோதனையில், கிடங்கில் பிரதி இல்லை என்பதைக் காட்டும் `x-cache: MISS` வரியும் புதிய கைரேகையும் வந்தன.

இரண்டாவது முறை வந்த கோளாறு வேறு மாதிரியானது, அதிகம் குழப்பியதும் அதுவே. அந்த ஆண்டின் நடுவில், படங்களை ஏற்றும் சர்வரையும் சிடிஎன் எடுத்துச் செல்லும் சர்வரையும் பிரித்தோம்; முன்னதிலிருந்து பின்னதற்குக் கோப்புகள் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நகலாகும். ஒரு வெள்ளித் தட்டின் படத்தை மாற்றி, உடனே சரியான முகவரியைப் பர்ஜ் செய்தேன். பழைய படமே திரும்பி வந்தது. மறுபடி பார்த்தபோது `age` வெறும் 140. இங்கேதான் அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்கும் பயன் தெரிந்தது. கைரேகை பழையது, `age` பெரியது என்றால் பர்ஜ் அந்தப் பிரதியைத் தொடவே இல்லை. கைரேகை பழையது, `age` சிறியது என்றால் பர்ஜ் தன் வேலையைச் செய்தது. அதன் பிறகு மேலேயிருந்து பழைய கோப்பையே யாரோ மறுபடி கொடுத்திருக்கிறார்கள். என் விஷயத்தில், நகல் நடப்பதற்குள் ஒரு வாடிக்கையாளர் பக்கத்தைத் திறந்துவிட்டார்; காலியாக இருந்த கிடங்கு பழைய கோப்பை எடுத்து, புதிதாக ஏழு நாள் ஆயுளோடு வைத்துக்கொண்டது. அவசரப்பட்டுச் செய்த பர்ஜ், இரண்டு நாளில் தானே செத்திருக்க வேண்டிய படத்துக்கு இன்னொரு வாரம் உயிர் கொடுத்தது! இப்போது முதலில் மூல சர்வரை நேரடியாகக் கேட்டுப் புதிய கைரேகையைக் கண்ணால் பார்த்த பிறகே பர்ஜ் பொத்தானைத் தொடுகிறேன். விளிம்புக் கிடங்குகளுக்கும் மூல சர்வருக்கும் நடுவில் கவசக் கிடங்கு ஒன்றை இயக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதே அறிகுறி வரலாம். அங்கே பழையதைத் திருப்பிக் கொடுப்பது அந்த நடுக்கிடங்கு.

கடைக்கார ஐயா ஒருமுறை, "எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் என்ன?" என்று கேட்டார். எல்லாவற்றையும் பர்ஜ் செய்யும் பொத்தான் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை அழுத்தினால் ஒரு விளக்குக்காகக் கடையின் எல்லாப் படங்களும் பிரான்சிலிருந்து மீண்டும் வர வேண்டும். காவடி வாரத்தில் அதை நான் செய்யமாட்டேன். மேலும் அது மூன்றாவது கோளாற்றுக்கு மருந்தும் அல்ல.

மூன்றாவது, உலாவி. ஏழு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று `max-age` சொன்னதை வாடிக்கையாளரின் கைப்பேசியும் கேட்டுக்கொண்டிருக்கிறது. சிடிஎன்னில் எதைத் துடைத்தாலும், அவர் கைப்பேசிக்குள் இருக்கும் பிரதியை நாம் தொட முடியாது. தொலைபேசியில் ஒவ்வொருவரையும் அழைத்துக் கேஷைத் துடைக்கச் சொல்வது கடை நடத்தும் முறையும் ஆகாது.

ஆகவே 2025 தொடக்கத்தில் பெயரையே மாற்றும் முறைக்கு வந்தோம். படம் ஏற்றப்படும்போது, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சிறு குறியீடு பெயரோடு சேர்கிறது: `vilakku-24.9c1e47.jpg`. படம் மாறினால் பெயர் மாறும். பெயர் மாறினால் எந்தக் கிடங்கிலும் எந்தக் கைப்பேசியிலும் அதற்குப் பழைய பிரதி இருக்க வழியில்லை. அத்தகைய படங்களுக்கு ஓர் ஆண்டு ஆயுள் கொடுத்திருக்கிறோம். பக்கங்களை மட்டும் ஒவ்வொரு முறையும் மூல சர்வரிடம் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறோம். பழைய பெயருள்ள கோப்புகளை உடனே அழிக்கக் கூடாது என்பதைப் பட்டுத்தான் கற்றேன். முந்தைய நாள் திறந்த பக்கத்தை மூடாமல் வைத்திருந்தவர்களுக்கு உடைந்த படம் தெரிந்தது. இப்போது முப்பது நாள் விட்டு வைக்கிறோம்.

பெயரை மாற்ற முடியாத படங்கள் சில எஞ்சின. மின்னஞ்சல்களில் போகும் கடைச் சின்னம் அப்படிப்பட்டது. அவற்றுக்கு உலாவிக்கு ஒரு காலமும் சிடிஎன்னுக்கு வேறொரு காலமும் கொடுத்திருக்கிறோம்.

```
cache-control: public, max-age=300, s-maxage=604800
```

`s-maxage` பொதுக் கிடங்குகளுக்கு மட்டுமானது. உலாவி அதைக் கண்டுகொள்ளாது. சிடிஎன் ஏழு நாள் வைத்துக்கொள்ளும், அதை நாம் பர்ஜ் செய்ய முடியும். உலாவி ஐந்து நிமிடத்திற்குமேல் நம்பாது. ஒரு நுணுக்கம்: சிடிஎன் தன் `age` மதிப்பையும் சேர்த்து அனுப்பினால், அது 300ஐத் தாண்டியிருக்கும் படத்தை உலாவி வந்தவுடனேயே பழையதாகக் கருதி, அடுத்த முறை சிடிஎன்னிடம் சரிபார்க்கும். படம் மாறாதிருந்தால் பதில் சில நூறு பைட்டுகள்தான். அந்தச் செலவை நான் பொருட்படுத்தவில்லை.

கடந்த காவடிக்கு முன் நாற்பது படங்களுக்குமேல் மாற்றினோம். பர்ஜ் செய்தது கடைச் சின்னத்தை மட்டும். அம்மையாருக்கு அன்று குமிழ் முனை விளக்கை அனுப்பவில்லை. கடைக்காட்சிக்கு வைத்திருந்த அன்ன விளக்கை எண்ணெய்க் கறை போகத் துடைத்து, அதையே அனுப்பிவைத்தார் ஐயா.