படம் முடிந்தது, வேலையை முடித்தேன்: இத்தாலிய இறந்தகாலத்தில் எஸ்ஸெரேயா, அவேரேயா?

இத்தாலிய மொழியில் நடந்து முடிந்த ஒன்றைச் சொல்லப் பேச்சில் பெரும்பாலும் இரண்டு சொற்கள் வேண்டும். முதலில் ஒரு துணைவினை, அதன்பின் முக்கிய வினையின் பார்டிசிப்பிள் என்ற வடிவம். துணைவினையாக 'எஸ்ஸெரே' (இரு) வரலாம், 'அவேரே' (வைத்திரு) வரலாம். 'ஓ மன்ஜாத்தோ' என்றால் சாப்பிட்டேன். 'சோனோ அந்தாத்தோ' என்றால் போனேன். முன்னதில் 'ஓ' என்பது அவேரேயின் தன்மை வடிவம், பின்னதில் 'சோனோ' எஸ்ஸெரேயினுடையது. மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? 'ஓ அந்தாத்தோ' வெறும் பிழை, கேட்பவர் திருத்திக்கொள்வார். 'சோனோ மன்ஜாத்தோ' கொஞ்சம் விபரீதம்: என்னை யாரோ உண்கிறார்கள் என்ற பொருள் வந்துவிடும்.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் தரும் சூத்திரம் 'இயக்க வினைகளுக்கு எஸ்ஸெரே'. நான் முதலில் தூக்கிப் போட்டது இதைத்தான். நடப்பது, நீந்துவது, ஆடுவது, பயணம் செய்வது எல்லாம் இயக்கம்தான். ஆனால் நான்கும் அவேரேதான் எடுக்கும்: 'ஓ கம்மினாத்தோ', 'ஓ நுவோத்தாத்தோ', 'ஓ பல்லாத்தோ', 'ஓ வியஜ்ஜாத்தோ'.

தமிழருக்கு இதைவிட நல்ல வழி ஒன்று கையிலேயே இருக்கிறது. 'படம் முடிந்தது' என்கிறோம், 'வேலையை முடித்தேன்' என்கிறோம். முடி என்ற ஒரே வினை தன்வினையில் ஒரு உருவமும் பிறவினையில் ஒரு உருவமும் எடுக்கிறது. இத்தாலிய மொழியில் வினை அப்படியே நிற்கும், துணைவினைதான் மாறும். 'இல் ஃபில்ம் எ ஃபினீத்தோ' என்றால் படம் முடிந்தது, எஸ்ஸெரே. 'ஓ ஃபினீத்தோ இல் லவோரோ' என்றால் வேலையை முடித்தேன், அவேரே. மாறினேன் என்றால் 'சோனோ கம்பியாத்தோ', காரை மாற்றினேன் என்றால் 'ஓ கம்பியாத்தோ லா மாக்கினா'. நாம் மாறு, மாற்று என்று வல்லினம் மிகுத்துச் சொல்வதைத்தான் அவர்கள் துணைவினையில் சொல்கிறார்கள்.

எனவே முதல் கேள்வி 'எதை?' என்பதுதான். நேரடியாக விடை கிடைத்தால் அவேரே. படியேறினேன் என்பதில் நமக்கு 'ஐ' உருபு தெரியாவிட்டாலும், இத்தாலியர் படிகளைச் செயப்படுபொருளாகவே பார்க்கிறார்கள்: 'ஓ சலீத்தோ லே ஸ்காலே'. மூன்றாம் மாடிக்கு ஏறினேன் என்றால் 'சோனோ சலீத்தோ அல் தேர்ட்ஸோ பியானோ'. இந்த வினையில் தமிழ் ஜோடி உதவாது. 'ஏற்றினேன்' என்று தேடினால் வழி தவறும்.

'எதை' என்பதற்கு விடை இல்லாவிட்டால்தான் சிக்கல். தூங்கினேன், சிரித்தேன் என்பவற்றுக்குச் செயப்படுபொருள் இல்லை, ஆனாலும் 'ஓ தோர்மீத்தோ', 'ஓ ரீஸோ' என்று அவேரேதான். வந்தேன், பிறந்தேன், இறந்தார் என்பவற்றுக்கு எஸ்ஸெரே. பின்னவற்றில் ஆள் இடம் மாறியோ நிலை மாறியோ விட்டார், செயலின் முடிவில் அவர் வேறு எங்கோ, வேறு எப்படியோ இருக்கிறார். தூங்குவதும் சிரிப்பதும் அப்படி ஒரு முடிவுக்குக் கொண்டுபோவதில்லை. இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிவது ஓடு என்ற வினையில். ஒரு மணி நேரம் ஓடினேன் என்றால் 'ஓ கோர்ஸோ பெர் உன் ஓரா'. வீட்டுக்கு ஓடினேன் என்றால் 'சோனோ கோர்ஸோ அ காஸா'. சேருமிடம் வந்ததும் துணைவினை மாறிவிட்டது. ஆனால் நடப்பதற்கு இந்தச் சலுகை இல்லை. ஸ்டேஷன் வரை நடந்தாலும் அவேரேதான்.

இந்த விளக்கத்துக்குள் அடங்காமல் எஸ்ஸெரே எடுப்பவை சில உண்டு. விலை ஆனது, நேரம் பிடித்தது, தோன்றியது ஆகியவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். விருப்பத்தைச் சொல்லும் 'பிடித்தது' மட்டும் நமக்குச் சொந்தக்காரர் மாதிரி. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள். 'எனக்குப் பீட்ஸா பிடித்தது' என்பது அப்படியே 'மி எ பியச்சூத்தா லா பீட்ஸா'. 'எனக்கு' நான்காம் வேற்றுமை, பிடித்த பொருள்தான் எழுவாய். அதனால் பார்டிசிப்பிளும் எனக்கு ஏற்ப மாறாது, பெண்பாலான பீட்ஸாவுக்கு ஏற்ப 'ஆ' என்று முடிகிறது.

இனி அந்த முடிவெழுத்துகள். ஆண்பால் ஒருமைக்கு ஓ, பெண்பால் ஒருமைக்கு ஆ, ஆண்பால் பன்மைக்கு ஈ, பெண்பால் பன்மைக்கு ஏ. எஸ்ஸெரே வந்தால் பார்டிசிப்பிள் எழுவாயோடு ஒத்துப்போகும். வந்தான், வந்தாள் என்று பழகிய நமக்கு இது பெரிய விஷயமில்லை. தடுக்குவது தன்மையில். 'போனேன்' என்பதில் நமக்குப் பால் கிடையாது, அவர்களுக்கு உண்டு. பெண் பேசினால் 'சோனோ அந்தாத்தா' என்றுதான் சொல்ல வேண்டும். ஆண் ஆசிரியரிடம் கேட்டுப் பழகிய பெண்கள் 'அந்தாத்தோ' என்றே சொல்லிக்கொண்டிருப்பதைப் பல முறை கேட்டிருக்கிறேன்.

அவேரே வந்தால் எழுவாயோடு ஒத்துப்போகாது. யார் சாப்பிட்டாலும் 'மன்ஜாத்தோ'தான். ஆனால் 'அவனை, அவளை, அதை, அவற்றை' என்ற சுட்டுப்பெயர் துணைவினைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால், பார்டிசிப்பிள் அந்தச் செயப்படுபொருளோடு ஒத்துப்போக வேண்டும். இதற்குக் காரணம் லத்தீனில் இருக்கிறது. எழுதப்பட்ட கடிதத்தை வைத்திருக்கிறேன் என்ற வாக்கியம்தான் நாளடைவில் கடிதம் எழுதினேன் என்றானது. 'எழுதப்பட்ட' என்பது அப்போது கடிதத்துக்கு அடைமொழி. அந்தப் பழைய உறவு சுட்டுப்பெயர் முன்வரும்போது மட்டும் இன்னும் விட்டுப்போகவில்லை. 'என்னை, உன்னை, எங்களை, உங்களை' என்பவற்றுக்குக் கட்டாயமில்லை. ஒரு பெண்ணிடம் 'உன்னைப் பார்த்தேன்' என்பதை 'தி ஓ வீஸ்தோ' என்றும் சொல்லலாம், 'தி ஓ வீஸ்தா' என்றும் சொல்லலாம்.

ஒரு பெண் தன் சனிக்கிழமையைத் தானே இத்தாலிய மொழியில் சொல்வதாக வைத்துப் பார்ப்போம். தாமதமாக எழுந்தாள்: 'மி சோனோ ஸ்வெல்யாத்தா தார்தி'. இங்கே 'மி' என்பது தன்னையே குறிக்கும் சொல், ஏறக்குறைய நம் 'கொள்' மாதிரி. அது வந்தால் எஸ்ஸெரேதான், 'எதை' என்பதற்கு விடை இருந்தாலும்கூட. கைகளைக் கழுவிக்கொண்டேன் என்பது 'மி சோனோ லவாத்தா லே மானி'. முதல் கேள்விக்கு இதுதான் பெரிய விலக்கு. பிறகு காபி குடித்தாள்: 'ஓ பெவூத்தோ உன் கஃபே'. ஸ்டேஷன் வரை நடந்தாள்: 'ஓ கம்மினாத்தோ ஃபினோ அல்லா ஸ்தாட்ஸியோனே'. ரயில் போய்விட்டிருந்தது: 'இல் த்ரேனோ எரா பார்த்தீத்தோ'. இது இன்னும் முந்தைய காலம் என்றாலும் துணைவினைத் தேர்வு அதேதான், ரயில் ஆண்பால் என்பதால் 'ஓ'வில் முடிகிறது. வீட்டுக்கு ஓடினாள்: 'சோனோ கோர்ஸா அ காஸா'. வழியில் இரண்டு பீட்ஸா வாங்கியிருந்தாள்: 'அவேவோ கொம்ப்ராத்தோ துவே பீட்ஸே', செயப்படுபொருள் பின்னால் வருவதால் மாற்றமில்லை. இரண்டையும் சாப்பிட்டுவிட்டாள்: 'லே ஓ மன்ஜாத்தே'. 'அவற்றை' என்ற 'லே' முன்னால் வந்துவிட்டது, பீட்ஸாக்கள் பெண்பால் பன்மை, ஆகவே 'ஏ'.