கேஸ் கிட் போட்டால் ஆயில் கறுக்காதாம்: நம்பி இன்ஜினைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

பெட்ரோல் காரை எல்.பி.ஜி.க்கு மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு கிட் பொருத்தித் தந்த பட்டறைக்காரர் இரண்டு விஷயங்களை அடித்துச் சொன்னார். மைலேஜ் பெட்ரோலில் கிடைப்பது அப்படியே கிடைக்கும் என்பது ஒன்று. கேஸில் ஓடினால் ஆயில் கறுக்காது, அதனால் கம்பெனி சொன்னதைவிட இரண்டு மடங்கு தூரம் ஓட்டிவிட்டு மாற்றினால் போதும் என்பது இன்னொன்று. முதலாவது சுத்தப் பொய். இரண்டாவது பாதி உண்மை, அதனால்தான் அதிகம் கெடுத்தது.

மைலேஜை அவர் 'நிரூபித்த' விதத்தைச் சொல்கிறேன். வண்டி குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும். கூலன்ட் சூடேறிய பிறகே கேஸுக்கு மாறும். அந்தத் தூரத்தையும் சேர்த்து, நிரப்பிய கேஸால் மட்டும் வகுத்துக் காட்டினார். பெட்ரோல் டேங்கில் குறைந்தது கணக்கிலேயே வரவில்லை. ஒரு லிட்டர் எல்.பி.ஜி.யில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட எரிசக்தி குறைவு. அதனால் அதே தூரத்துக்கு ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் கூடுதல் லிட்டர் செலவாகத்தான் செய்யும்.

பெட்ரோலில் லிட்டருக்கு 15 கி.மீ. தரும் வண்டி கேஸில் 12 தருகிறது என்று வையுங்கள். பெட்ரோல் விலை 100 என்றால் கேஸ் விலை 60. 100 கி.மீ. ஓட பெட்ரோலில் 667 ஆகும். அதில் 10 கி.மீ. பெட்ரோலிலும் 90 கி.மீ. கேஸிலும் ஓடினால் 67-உம் 450-உம் சேர்ந்து 517. மிச்சம் 22 சதவீதத்துக்குச் சற்று மேல், மைலேஜ் குறையாது என்ற அவர் பேச்சுப்படி வரும் 40 அல்ல. இது மோசமான மிச்சம் இல்லை. ஆனால் கிட் செலவு எப்போது திரும்பி வரும் என்பதை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

இப்போது ஆயில். கேஸ் ஆவியாகவே உள்ளே போவதால், பெட்ரோலைப் போல சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலப்பதில்லை. கரியும் குறைவு. அதனால் டிப்ஸ்டிக்கில் ஆயில் தேன் நிறத்திலேயே தெரியும். அந்த நிறத்தைக் காட்டித்தான் "பாருங்க சார், புது ஆயில் மாதிரியே இருக்கு" என்றார். ஆனால் சூட்டில் ஆயில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டிப்படுவதையும், அமிலத்தை முறிக்கும் சேர்மானங்கள் தீர்ந்துபோவதையும் நிறம் காட்டாது. பிறகு வேறொரு மெக்கானிக் டிரெயின் பிளக்கைக் கழற்றியபோது, ஆயில் கறுப்பாக இல்லை, ஆனால் சூடான இன்ஜினிலிருந்தும் தயங்கித் தயங்கி இறங்கியது. வால்வு கவருக்கு அடியில் பழுப்பு நிறத்தில் அரக்குப் படலம்.

அதைவிடப் பெரிய சேதம் வால்வில். கிட்டை டியூன் செய்யும்போது கேஸைக் குறைத்து வைத்திருந்தார். சாதாரண ஓட்டத்தில் இன்ஜினின் கம்ப்யூட்டர் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் குறையை ஈடுகட்டிவிடும். முடியாதபோது செக் இன்ஜின் விளக்கு எரியும். எனக்கு வந்த கோடு P0171, கலவையில் எரிபொருள் போதவில்லை என்று பொருள். "கேஸ் வண்டின்னா அப்படித்தான்" என்று விளக்கை மட்டும் அணைத்து அனுப்பினார். மேட்டில் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பல வண்டிகளில் அந்த ஈடுகட்டல் நடக்காது. குறைந்த கலவை சூட்டைக் கூட்டும், எக்ஸாஸ்ட் வால்வு அமரும் சீட் தேயும், வால்வு உள்வாங்கி, அதற்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியான கிளியரன்ஸ் குறையும்.

இதில் கவனிக்க வேண்டியது, கிளியரன்ஸ் குறைந்தால் டாப்பெட் சத்தம் வராது, இன்ஜின் இன்னும் அமைதியாகும். வால்வு முழுதாக மூடாத நிலை வந்த பிறகுதான் தெரியும்: சூடானதும் ஐடிலில் உதறும், பெட்ரோலுக்கு மாற்றினாலும் உதறல் நிற்காது. என் வண்டியில் ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. ஹெட்டை இறக்கி சீட் மாற்ற வேண்டியதாயிற்று. பட்டறைக்காரரோ, அது பழைய இன்ஜினின் கோளாறு என்று கைகழுவிவிட்டார்.

கிட் போடும் முன் கம்ப்ரஷனையும் வால்வு கிளியரன்ஸையும் அளந்து எழுதி வாங்குங்கள். பின்னால் இந்தப் பேச்சுக்கு இடமிருக்காது. டியூன் முடிந்ததும் கம்ப்யூட்டர் எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைத்து ஈடுகட்டுகிறது என்று காட்டும் ஃபியூல் டிரிம்மை, ஸ்கேனரில் பெட்ரோலிலும் கேஸிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக, கூட்டலோ கழித்தலோ 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். முழு ஆக்சிலரேட்டரில் கலவையைச் சரிபார்த்தாரா என்று தனியாகக் கேளுங்கள். ஆயிலை, நிறம் எப்படி இருந்தாலும், வண்டிக் கையேட்டில் உள்ள கிலோமீட்டரிலேயே மாற்றுங்கள்.