பெட்டாடின் கறைக்கு எது சரி: எலுமிச்சையா, வைட்டமின் சி-யா, ஹைப்போவா, பிளீச்சா?

வீட்டில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறவர்களுக்கும், ஆபரேஷன் முடிந்து தையலோடு ஆளைக் கூட்டி வந்தவர்களுக்கும் இந்தப் பழுப்புக் கறை நன்றாகத் தெரியும். வெள்ளைப் பருத்தி விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு, நடுவில் அடர்ந்து, ஓரத்தில் மஞ்சளாக நிற்கும். யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். அவற்றில் நான்கை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எந்த வழியில் இறங்குவதாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். துணியைத் திருப்பிப் பிடித்து, கறையின் பின்பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீரை ஓட விட வேண்டும். பெட்டாடினில் இருக்கிற போவிடோன் அயோடின் தண்ணீரில் கரையும் சரக்கு என்பதால், ஈரம் காய்வதற்குள் பிடித்துவிட்டால் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். வெந்நீர் வேண்டாம். கட்டுத் துணியில் ரத்தமும் சேர்ந்திருக்கும், சூடு பட்டால் அது நூலில் இறுகிவிடும். மிச்சம் நிற்கிற பழுப்புக்குத்தான் கீழே வரும் போட்டி.

கணக்குக்காக ஒரு கறையை எடுத்துக்கொள்வோம். 5 சதவீத போவிடோன் அயோடின் கரைசல் 10 மில்லி விரிப்பில் கொட்டிவிட்டது. போவிடோன் என்பது அயோடினைப் பிடித்து வைத்திருக்கும் பொருள்தான். நிறத்தைக் காட்டுகிற அயோடின் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இந்த 10 மில்லியில் சுமார் 50 மில்லிகிராம். நிறம் போக வேண்டுமென்றால் இந்த அயோடின் அயோடைடாக மாற வேண்டும். அயோடைடுக்கு நிறம் கிடையாது, தண்ணீரோடு போய்விடும்.

எலுமிச்சையை எடுத்துக்கொண்டால், அது வேலை செய்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வேலை செய்வது அதன் புளிப்பு இல்லை, அதிலிருக்கிற வைட்டமின் சி. நம் கறைக்குச் சுமார் 35 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் 10, 15 மில்லிகிராம் கிடைத்தாலே பெரிது. ஆக மூன்று பழமாவது வேண்டும். சட்டைக் கையில் விழுந்த ஒரு சொட்டுக்கு எலுமிச்சை போதும். விரிப்புக்கு அதை நம்பினால் பழம்தான் செலவாகும்.

அதே வைட்டமின் சி மாத்திரையாகவே மருந்துக் கடையில் கிடைக்கிறது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று இந்தக் கறைக்குத் தேவையானதைப் போல பத்து மடங்குக்கு மேல். மாத்திரையைப் பொடித்து, அரை தம்ளர் பச்சைத் தண்ணீரில் கலக்கி, கறை மேல் ஊற்றுங்கள். அடியில் தங்குகிற வெள்ளைப் பொடி மாத்திரையோடு சேர்த்த மாவுப் பொருள், அதைப் பொருட்படுத்த வேண்டாம். கரைசல் பட்ட இடத்தில் பழுப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெளுத்து, கண்ணெதிரே காணாமல் போகும். காய்ந்த கறைக்குச் சில நிமிடம் ஊற வேண்டியிருக்கும். ஆரஞ்சு நிறத்தில் வரும் சப்பும் மாத்திரையும் வேலை செய்யும், ஆனால் அதிலிருக்கிற சாயத்தைத் தனியாக அலச வேண்டி வரும். வெள்ளை மாத்திரை கிடைத்தால் அதுவே நல்லது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: நிறம் போனதும் நன்றாக அலசிவிட வேண்டும். வைட்டமின் சி துணியிலேயே தங்கிக் காய்ந்தால் நாளடைவில் அதுவே மஞ்சளாகும். கறை திரும்பி வந்துவிட்டது என்று சிலர் புலம்புவது இதைத்தான்.

மூன்றாவது ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் அயோடின் கரைசலை இதை வைத்து நிறமிழக்கச் செய்தது சிலருக்கு நினைவிருக்கும். கறைக்கும் அதே வினைதான். மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில், குளோரினை எடுப்பதற்காகக் கண்ணாடிக் கல்கண்டு மாதிரி படிகமாக வைத்திருப்பார்கள். நம் கறைக்கு ஒரு சிட்டிகையே அதிகம். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கரைத்தால் ஒரு வாரத்துக் கட்டுத் துணியை முக்கி எடுக்கலாம். வேகத்தில் வைட்டமின் சி-க்குச் சற்றும் குறையாது, விலை மிகக் குறைவு. தினமும் கட்டு மாற்றுகிற வீடு என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஒரே நிபந்தனை, எலுமிச்சை, வினிகர் எதையும் இதோடு கலக்கக் கூடாது. புளிப்பு பட்டால் கரைசல் பால் போலக் கலங்கி, கந்தக நெடி அடிக்கும்.

கஞ்சி போட்ட வேட்டி, புடவையில் அயோடின் பட்டால் பழுப்புக்குப் பதில் கருநீலமாகத் திட்டுத் திட்டாக நிற்கும். பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, கஞ்சியின் மாவுச்சத்தில் அயோடின் போய் உட்கார்ந்துகொண்டது அவ்வளவுதான். இதற்கு வெந்நீர் ஊற்றினால் நீலம் மறைந்துவிடும், அப்பாடா என்று காயப் போடுவீர்கள், ஆறியதும் நீலம் திரும்பி நிற்கும். சூட்டில் அந்தப் பிடி தளர்கிறதே தவிர அயோடின் துணியை விட்டுப் போகவில்லை. ஹைப்போவோ வைட்டமின் சி-யோ போட்டால் ஒரேயடியாகப் போகும்.

இனி பிளீச். வெள்ளைத் துணி என்றாலே பிளீச் பாட்டிலை எடுக்கிற பழக்கம் நமக்கு உண்டு. அயோடின் நிறத்தை அது போக்கவும் கூடும். ஆனாலும் நான் இதைக் கடைசியில் கூட வைக்க மாட்டேன், பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன். நூல் நைந்துபோவதும் சாயத் துணி வெளுப்பதும் ஒரு பக்கம். பெரிய காரணம் வேறு. புண் உள்ள வீட்டில் பெட்டாடின் மட்டுமா இருக்கும்? சாவ்லான் போன்ற கிருமிநாசினியும் இருக்கும். அதில் குளோரெக்சிடின் உண்டு. ஆபரேஷனுக்கு முன் தோலைத் துடைக்கும் சில திரவங்களிலும் இதே பொருள்தான். இது நிறமில்லாமல் பருத்தி நூலோடு ஒட்டிக்கொள்ளும், சாதாரணத் துவையலில் முழுதாக விடாது. அதன் மேல் குளோரின் பிளீச் பட்டதும் பழுப்புக் கறை உண்டாகும். அதுவரை சுத்தமாகத் தெரிந்த இடத்தில் புதிதாகக் கறை தோன்றும், அதை எடுக்க மேலும் பிளீச் ஊற்றுவார்கள், இன்னும் அடர்த்தியாகும். லேபிளில் குளோரெக்சிடின் என்று போட்ட எதுவும் பட்ட துணிக்கு, வெளுக்க வேண்டுமானால் ஆக்சிஜன் வகைப் பவுடர்தான்.

வந்திருப்பது எந்தப் பழுப்பு என்று சந்தேகம் இருந்தால், கறையின் ஓரத்தில் ஒரு சொட்டு வைட்டமின் சி கரைசல் வைத்துப் பாருங்கள். சட்டென்று வெளுத்தால் அயோடின். கால் ஊற வைக்கும் ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் சிந்தி, காய்ந்து பழுப்பான கறையும் இதற்குப் போகும், கொஞ்சம் மெதுவாக. அதற்கு மட்டும் எலுமிச்சைப் புளிப்பு கூட இருந்தால் நல்லது. சொட்டு வைத்தும் அசையவே இல்லை, அதுவும் பிளீச் போட்ட பிறகு வந்த கறை என்றால், குளோரெக்சிடின்தான். அது பெரும்பாலும் போகாது. அந்த விரிப்பைக் கிழித்து, அடுத்த முறை கட்டு மாற்றும்போது காலுக்கு அடியில் விரித்துக்கொள்ளலாம்.