டார்கெட்டில் மொத்தமாக விற்பதா, பாகம் பாகமாக விற்பதா, ட்ரெயிலிங்கில் விடுவதா?

ஒரு பங்கை ஸ்விங் டிரேடுக்காக 500 ரூபாயில் 300 வாங்கியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாப் லாஸ் 480. பங்குக்கு 20 ரூபாய் வீதம் மொத்த ரிஸ்க் 6,000. அதன் ஏடிஆர், அதாவது ஒரு நாளில் சராசரியாக ஏறி இறங்கும் தூரம், 10 ரூபாய். விலை நமக்குச் சாதகமாக ஏறத் தொடங்கிவிட்டது. இனி வெளியேற மூன்று வழிகள்.

முதல் வழியில், ரிஸ்க்கைப் போல இரண்டு மடங்கு லாபம் தரும் 540-ல் 300-ஐயும் விற்றுவிட வேண்டும். அதுவரை ஸ்டாப் லாஸ் 480-லேயே இருக்கும். இரண்டாவதில் 520-ல் 100, 540-ல் 100 விற்றுவிட்டு, மிச்சமிருப்பதை ட்ரெயிலிங் ஸ்டாப் லாஸில் ஓட விட வேண்டும். மூன்றாவதில் டார்கெட்டே கிடையாது, மொத்தமும் ட்ரெயிலிங்தான். ட்ரெயிலிங்குக்கு விலை தொட்ட உச்சத்திலிருந்து மூன்று ஏடிஆர், அதாவது 30 ரூபாய் கீழே என்று வைப்போம். உச்சம் ஏறினால் இதுவும் ஏறும், ஒருபோதும் இறங்காது. இது 480-ஐத் தாண்டும்வரை பழைய ஸ்டாப் லாஸே நிற்கும்.

விலை 524 வரை போய்விட்டுச் சரிந்து 480-க்கும் கீழே போனால், முதல் வழிக்கு முழு 6,000 நஷ்டம். மூன்றாவது வழி 494-ல் வெளியேறி 1,800 நஷ்டத்தோடு தப்பிக்கும். பாகமாக விற்றவருக்கு முதல் 100-ல் 2,000 லாபம், மீதி 200-ல் 1,200 நஷ்டம். கையில் 800 நிற்கும். விலை 542-ஐத் தொட்டுத் திரும்பினால் வரிசை மாறும்: முதல் வழி 12,000, பாகமாக விற்றவர் 7,200, முழு ட்ரெயிலிங் 3,600. நல்ல டிரெண்ட் அமைந்து 620 வரை போய் 590-ல் ட்ரெயிலிங் அடிபட்டால், முதல் வழி அதே 12,000-ல் நின்றுவிடும். பாகமாக விற்றவருக்கு 15,000. முழு ட்ரெயிலிங்குக்கு 27,000.

542-லும் 620-லும் பாகமாக விற்றவர் நடுவில் நிற்கிறார், 524-ல் மட்டும் முதலிடம். ஆகவே இந்த முறை கூடுதல் லாபம் தருகிறது என்று சொல்ல மாட்டேன். ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. அதற்கு ஒரு விலையும் உண்டு. தோற்கும் டிரேடில் 300 பங்கும் முழுதாக நஷ்டப்படும். பெரிதாக ஜெயிக்கும் டிரேடில் 100 பங்கு மட்டுமே கடைசிவரை கூட வரும்.

முதல் டார்கெட் அடித்ததும் ஸ்டாப் லாஸை வாங்கிய விலைக்கே ஏற்றிவிடும் பழக்கம்தான் இதில் அதிகம் கெடுக்கிறது. ‘இனி இது ஃப்ரீ டிரேட்’ என்று நிம்மதியாக இருக்கும். ஆனால் விலை 524-லிருந்து 497-க்கு இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு 620 போனால்? 494-ல் இருக்கும் ட்ரெயிலிங் அடிபடாது, 15,000 கைக்கு வரும். ஸ்டாப் லாஸை 500-க்கு ஏற்றியவருக்கு முதல் 2,000 மட்டும். 10 ரூபாய் ஏடிஆர் உள்ள பங்கு 20 ரூபாய் ஏறிவிட்டு அதே அளவு இறங்குவது அன்றாடம் நடப்பது. ஜெயித்த டிரேடுகள் எல்லாம் இப்படி 2,000-ல் முடிந்து, தோற்றவை 6,000 கொண்டுபோனால், நான்கில் மூன்று ஜெயித்தால்கூடக் கணக்கு பூஜ்ஜியம்தான். உங்கள் டிரேட் குறிப்பில் ஜெயித்தவை நிறைய இருந்தும் கணக்கு வளரவில்லை என்றால், முதலில் இதைச் சரிபாருங்கள்.

என் தேர்வு சற்று மாறுபட்டது: 520-ல் கை வைக்காமல் 540-ல் 100 மட்டும் விற்று, 200-ஐ ட்ரெயிலிங்கில் விடுவது. 620 வரை போகும் டிரேடில் இது 22,000 தரும், 542-ல் திரும்பினால் 6,400. 524-ல் திரும்பும்போது 1,800 நஷ்டம் வரும்; அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பக்கவாட்டில் அலையும் பங்கில் இதையும் செய்ய மாட்டேன், அங்கே முதல் வழியே பொருத்தம். எதிலும் ஸ்டாப் லாஸ் விலையிலேயே விற்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. காலையில் விலை முந்தைய நாள் முடிவிலிருந்து ஒரேயடியாகக் குதித்துக் கீழே திறந்தால் 494-க்குப் பதில் 485-ல்கூட விற்கும்.

பாகமாக விற்பவர்கள் ஆர்டர் புத்தகத்தையும் கவனிக்க வேண்டும். 100 விற்ற பிறகு ஸ்டாப் லாஸ் ஆர்டரில் 300 என்றே விட்டுவைத்தால், இன்ட்ராடேயில் அது அடிபடும்போது கையில் இருக்கும் 200 போக இன்னொரு 100 ஷார்ட் ஆகிவிடும். ஒவ்வொரு டார்கெட் அடித்ததும் அளவை 200, பிறகு 100 என்று மாற்ற வேண்டும். டெலிவரியில் டிமேட்டிலிருந்து விற்கும்போது டிபி கட்டணம், ஒரு நிறுவனத்தின் பங்கில் எத்தனை விற்றாலும், ஒரு நாளைக்கு ஒருமுறை வரும். மூன்று வெவ்வேறு நாளில் விற்றால் மூன்று முறை. 300 பங்கில் அது பெரிதில்லை, 15 பங்கு வைத்திருப்பவருக்குச் சுடும். ஃபியூச்சர்ஸில் ஒரே லாட் வைத்திருப்பவருக்கோ பாகம் பிரிக்கவே வழியில்லை. 540-ல் முழுதாக வெளியேறுவதா, ட்ரெயிலிங்கில் விடுவதா என்பதை என்ட்ரிக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.