அப்பாவின் உடம்பில் நீர் இறங்கிய விதம்

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, இதயச் செயலிழப்பு உள்ள அப்பாவுக்கு முழங்கால் வரை வீங்கி, மூச்சு முட்டியதால் வார்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டில் மருத்துவமனை மருந்தாளுநராக இருக்கிறேன். அதனால் நீர் இறக்கும் சிகிச்சையைக் கூர்ந்தே கவனித்தேன்.

வீட்டில் தினமும் 80 மி.கி. ஃபுரோசிமைடு என்ற நீர் இறக்கும் மாத்திரை சாப்பிட்டும் சிறுநீர் கூடவில்லை. உடம்பில் நீர் கோத்தால் குடலும் வீங்கும். மாத்திரை மெதுவாக உறிஞ்சப்படும், வேலை செய்யத் தேவையான அளவை ரத்தத்தில் எட்டாது. அதனால் அதே 80 மி.கி.யை ஊசியாகப் போட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்துச் செய்ததுதான். நாளைக்குப் பார்ப்போம் என்று விடாமல், இரண்டு மணி நேரத்தில் சிறுநீரில் சோடியம் பார்த்தார்கள். 50க்குக் கீழே இருந்தால் மருந்து போதவில்லை என்று பொருள், அப்பாவுக்கு 38. உடனே அளவை 160 ஆக்கினார்கள். அதைச் சிஸ்டர் 40 நிமிடம் பம்பில் மெதுவாக ஏற்றினார். வேகமாக ஏற்றினால் காது பாதிக்கப்படலாம்.

அதற்கும் மணிக்கு 70 மி.லி.தான் வந்தது. சிறுநீரகக் குழாயில் ஹென்லே வளைவு என்ற பகுதியில், சோடியம் ரத்தத்துக்குத் திரும்புவதை ஃபுரோசிமைடு மறிக்கிறது. மாதக்கணக்கில் அப்படித் தப்பி வரும் சோடியத்தை, அதற்கு அடுத்துள்ள குழாய்ப்பகுதி பருத்து வளர்ந்து, திரும்ப இழுத்துக்கொள்ளப் பழகிவிடும். அந்த இடத்தை அடைப்பது தயசைடு வகை மருந்து. அந்த வகையில் மெட்டோலசோன் 2.5 மி.கி. சேர்த்ததும் மறுநாளுக்குள் மூன்றரை லிட்டர் பிரிந்தது, எடை 3 கிலோ குறைந்தது.

ஆபத்தும் அதோடு சேர்ந்தே வந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் 4.1லிருந்து 3.0க்கும், சோடியம் 137லிருந்து 131க்கும் இறங்கின. பொட்டாசியம் கொடுத்தும் மறுநாள் 3.1தான். "மக்னீசியம் பார்த்தீங்களா டாக்டர்?" என்று கேட்டேன். பார்த்தால், அதுவும் குறைவு. மக்னீசியம் குறைந்திருக்கும்வரை சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மக்னீசியத்தை ஏற்றிய பிறகுதான் பொட்டாசியம் 4ஐத் தொட்டது. இந்த மருந்துகளால் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அதனால் தினமும் ரத்தம் எடுத்ததை அப்பா சலித்துக்கொண்டாலும் நான் தடுக்கவில்லை.

வார்டில் இவ்வளவு கவனமாக இருந்தவர்கள், டிஸ்சார்ஜ் சீட்டில் மட்டும் கோட்டைவிட்டார்கள். மெட்டோலசோன் தினமும், அடுத்த பரிசோதனை ஒரு மாதம் கழித்து என்று எழுதியிருந்தது. வீக்கம் வடிந்த பிறகும் இந்த ஜோடியை ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஒரு மாதம் ஓட்டுவது எனக்குப் பயமாக இருந்தது. சீட்டை டாக்டரிடம் திரும்பக் கொண்டுபோனேன். அவர் முகம் சுளிக்காமல் மெட்டோலசோனை அடித்துவிட்டு, நான்காம் நாள் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் பார்க்கவும், தினமும் காலையில் எடை பார்த்து, மூன்று நாளில் 2 கிலோ கூடினால் வரவும் என்று எழுதிக் கொடுத்தார்.