உப்புவெளி ஜெனரேட்டர்: நிதிக் குத்தகையா, தொழிற்பாட்டுக் குத்தகையா?

திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் கடற்கரையிலிருந்து நூறு மீற்றர் தள்ளி விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு அண்ணனுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். பழைய ஜெனரேட்டர் போன வருடம் முற்றாகப் படுத்துவிட்டது. 40 கேவிஏ செட் ஒன்று எடுக்க வேண்டும், கையில் முழுக் காசும் இல்லை. இரண்டு கொட்டேஷன் வாங்கிக்கொண்டு வந்தார். "தம்பி, இது மாதம் 85,000, அது 95,000. கூடக் கேட்கிறவனிடம் ஏன் போக வேண்டும்?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் மாதத் தவணையில் இல்லை. சேர்விஸ் யார் தலையில் விழுகிறது, நாலு வருடம் முடியும் நாளில் யார் எதைக் கட்டுகிறார் என்ற இரண்டு இடத்தில்தான் இருந்தது.

முதல் கொட்டேஷன் நாம் எல்லோரும் "லீசிங்" என்று சொல்லும் நிதிக் குத்தகை. செட்டின் விலை 40 இலட்சம். 10 இலட்சம் முற்பணம், மீதி 30 இலட்சத்துக்கு 16 வீத வட்டியில் 48 மாதம், தவணை ஏறக்குறைய 85,000. கடைசித் தவணையோடு ஒரு சின்னத் தொகை கட்டினால் செட் அண்ணனுக்கே சொந்தம். இரண்டாவது தொழிற்பாட்டுக் குத்தகை. முற்பணம் இல்லை, திருப்பித் தரும் வைப்புப் பணம் இரண்டு மாத வாடகை மட்டும். 48 மாதம், மாதம் 95,000. சேர்விஸும் காப்புறுதியும் கொம்பனியின் பொறுப்பு, முடிவில் செட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். டீசல் இரண்டிலும் அண்ணனுடையது. வற் வரியைச் சேர்க்காமலே இங்கே கணக்குப் பார்க்கிறேன்.

நிதிக் குத்தகையில் பெயருக்கு உரிமையாளர் லீசிங் கொம்பனி. ஆனால் மெஷின் பழுதானால் வரும் தொல்லை முழுவதும் எடுத்தவருடையது. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. எடுத்தவர் கருவியைக் கவனமாகப் பாவித்து, நியாயமான தேய்மானம் நீங்கலாக, கிடைத்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். செட் ஒரு மாதம் ஓடாமல் நின்றாலும் தவணை நிற்காது. "மெஷின் வேலை செய்யவில்லை, இந்த மாதம் கட்ட மாட்டேன்" என்று லீசிங் கொம்பனியிடம் சொல்ல முடியாது. அவர்கள் காசு தந்தவர்கள், மெஷின் தந்தவர் விற்பனைக் கொம்பனி. வாரண்டிக்குப் போக வேண்டிய இடம் அதுதான். அதனால் விற்பனைக் கொம்பனியின் வாரண்டி யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை, கையெழுத்துப் போட முதல் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

தொழிற்பாட்டுக் குத்தகை என்றாலே சேர்விஸ் அவர்கள் செய்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு விதியும் இல்லை. வெறும் மெஷினை மட்டும் வாடகைக்குத் தந்து, பராமரிப்பை நம்மிடமே விடும் ஒப்பந்தங்களும் உண்டு. அப்படியானதில் 95,000 வாடகை பெரிய நட்டம். தலைப்பை நம்பாமல் பராமரிப்பு என்ற பந்தியை வரி வரியாக வாசிக்க வேண்டும்.

அண்ணனின் கையில் இருந்ததில் சேர்விஸ் அவர்களுடையதுதான். ஆனால் மூன்று விலக்குகள் இருந்தன: பற்றரி, தவறான எரிபொருளால் வரும் பழுது, "சுற்றுச்சூழலால் ஏற்படும் துரு". மூன்றாவதைக் கண்டதும் நான் பேனையை எடுத்தேன். உப்புவெளியில் ஜெனரேட்டர் சாவதே அதனால்தான். பழைய செட்டின் றேடியேட்டரை அண்ணன் கழற்றி வைத்திருந்தார். மெல்லிய அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்துப் போயிருந்தன. நகத்தால் தொட்டேன், பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையில் தூளாக வந்தது. தகடுகள் போனால் எஞ்சின் சூடேறும், சூடேறினால் செட் தானாக நின்றுவிடும். ஆடி மாதம் இரவு எட்டு மணிக்கு, விடுதி நிறைய ஆட்கள் இருக்கும்போது அது நடக்கும். இந்த ஒரு விலக்கை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால், கடலோரத்தில் அந்தச் சேர்விஸ் ஒப்பந்தத்தின் பாதி போய்விடும்.

அப்புறம், எத்தனை மணிக்குள் வருவார்கள் என்பது. என்னிடம் கணக்கு வைக்கும் இன்னொருவரின் ஒப்பந்தத்தில் "24 மணித்தியாலத்துக்குள்" என்று இருந்தது. வெள்ளி இரவு செட் நின்றது, ஆள் வந்தது செவ்வாய்க்கிழமை. வேலை நாள் கணக்கு என்று பின் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததாம். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு 260 கிலோமீற்றர் வர வேண்டும், அதனால் நேரம் ஆவதை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரம் கடந்தால் மாற்று செட் வருமா, வாடகையில் நாட்கணக்கில் கழிப்பார்களா என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். அண்ணனின் விடுதிக்குச் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. அந்த ஐந்து மாதமும் செட் மாதம் 90 மணித்தியாலம் ஓடும். மிச்ச ஏழு மாதமும் மாதம் 21 போல. வருடத்துக்கு ஏறக்குறைய 600, நாலு வருடத்துக்கு 2,400.

நிதிக் குத்தகையில் முற்பணமும் தவணைகளும் சேர்ந்து 50.8 இலட்சம். 250 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் ஒயிலும் பில்டர்களும் மாற்றினால் நாலு வருடத்தில் பத்து சேர்விஸ், தடவைக்கு 45,000 என்று வைத்து 4.5 இலட்சம். பற்றரி இரண்டு தரம், றேடியேட்டர் ஒரு தரம், மின்னழுத்தச் சீராக்கி ஒரு தரம் என்று 2.6 இலட்சம். காப்புறுதி 1.6 இலட்சம். மொத்தம் 59.5 இலட்சம். இதில் கடைசியில் செட்டை விற்றால் கிடைப்பதைக் கழிக்க வேண்டும்.

தொழிற்பாட்டுக் குத்தகையில் வாடகை மட்டும் 45.6 இலட்சம். பார்க்க மலிவு. இங்கேதான் முடிவுச் செலவு ஒளிந்திருந்தது. ஒப்பந்தத்தில் மாதம் 60 மணித்தியாலம் வரைதான், மேலே போனால் மணிக்கு 700 ரூபாய். வருடத்துக்கு 720 மணித்தியாலம் அனுமதி, அண்ணன் ஓட்டுவது 600. பிரச்சினை இல்லை போலத்தான் தெரியும். ஆனால் மாதாமாதம் அளக்கிறார்கள், குறைவாக ஓட்டிய மாதத்தின் மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகாது. சீசனில் மாதம் 30 மணித்தியாலம் கூட, ஐந்து மாதம், நாலு வருடம், மொத்தம் 600 மணித்தியாலம். 4.2 இலட்சம்! வருடம் முழுக்கக் குறைவாகப் பாவித்தவர் கூடப் பாவித்ததாகத் தண்டம் கட்டுகிறார். சீசன் தொழில் செய்கிறவர்கள் எல்லாம் இந்த ஒரு வரியைக் கட்டாயம் தேட வேண்டும்.

திருப்பிக் கொடுக்கும்போது இன்னும் இரண்டு. பாரந்தூக்கி லொறியில் கொழும்புக் களஞ்சியத்துக்கு அனுப்புவது அண்ணனின் செலவு, 90,000. பெட்டியின் துருவைச் சுரண்டிப் பெயின்ற் அடிப்பது ஒன்றரை இலட்சம், ஏனென்றால் துரு "நியாயமான தேய்மானம்" இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஆக 52.2 இலட்சம். இதுபோக, செட் களஞ்சியத்துக்குப் போய்ச் சேரும் நாள் வரை வாடகை ஓடும் என்றும் ஒரு வரி. லொறி பத்து நாள் பிந்தினால் பத்து நாள் வாடகை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். 59.5இலிருந்து 52.2 போனால் 7.3 இலட்சம். நாலு வருடத்துக்குப் பிறகு அந்தச் செட்டை 7.3 இலட்சத்துக்கு மேல் விற்க முடியும் என்றால் நிதிக் குத்தகை வெல்கிறது. மணித்தியாலத்தை வருடக் கணக்கில் அளக்கவும், கடற்காற்றுத் துருவை நியாயமான தேய்மானமாக ஏற்கவும் கொம்பனி சம்மதித்தால் இந்தப் பக்கம் 46.5 இலட்சத்துக்கு இறங்கும். அப்போது செட் 13 இலட்சத்துக்கு மேல் விலைபோக வேண்டும். முற்பணம் 10 இலட்சம் முதல் நாளே கையை விட்டுப் போவதையும் நினைத்தால் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும்.

இதனால்தான் இடத்தைப் பார்த்து முடிவு சொல்கிறேன். இதே செட்டை, கடற்காற்று நேரே அடிக்காத நகரின் உட்புறத்தில், மூடிய கொட்டிலில், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரும் கைவசம் இருக்க வைத்திருந்தால் நான் யோசிக்காமல் நிதிக் குத்தகை என்பேன். நாலு வருடம் கழித்தும் அது நல்ல செட், தவணை முடிந்த பிறகும் இன்னும் பல வருடம் உழைக்கும். கடலிலிருந்து நூறு மீற்றரில், துருப்பிடித்த பெட்டியோடு அது 13 இலட்சம் போகும் என்று என்னால் சொல்ல முடியாது. அங்கே மெஷினின் மிச்ச மதிப்பை இழக்கும் அபாயத்தை வாடகைக்குத் தருகிறவர் சுமப்பதே நல்லது. அதற்குத்தான் மாதம் கூடுதலாக 10,000.

நிதிக் குத்தகை எடுப்பவர்களுக்கும் முடிவில் ஒரு வேலை உண்டு. வாகனம் என்றால் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயரை நீக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜெனரேட்டருக்கு அப்படிப் புத்தகம் இல்லை. அதனால் கடைசித் தவணை கட்டியதும் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் இலக்கம், செட்டின் தொடர் இலக்கம் இரண்டும் போட்ட உரிமை மாற்றக் கடிதம் வாங்காவிட்டால், பிறகு விற்கப் போகும்போது வாங்க வருபவர் விலையை இடிப்பார்.

கணக்குப் புத்தகத்தைப் பற்றி ஒரு சொல். 2019 ஜனவரியிலிருந்து SLFRS 16 என்ற இலங்கைக் கணக்கீட்டு நியமத்தைப் பின்பற்றும் பெரிய நிறுவனங்கள், எடுப்பவர் என்ற வகையில், குறுகிய காலத்ததும் பெறுமதி குறைந்ததும் தவிர எல்லாக் குத்தகையையும் ஐந்தொகையில் காட்ட வேண்டும். சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான நியமத்தில் பழைய இரண்டு வகையும் அப்படியே இருக்கின்றன. அங்கேயும் தலைப்பு தீர்மானிப்பதில்லை. "தொழிற்பாட்டுக் குத்தகை" என்று போட்டு, கடைசியில் ஆயிரம் ரூபாய்க்குச் செட்டைத் தருவதாக எழுதியிருந்தால் அது நிதிக் குத்தகைதான், கடனாகக் காட்டியே ஆக வேண்டும்.

அண்ணன் தொழிற்பாட்டுக் குத்தகைக்குப் போனார். மணித்தியாலத்தை வருடக் கணக்கில் அளக்கச் சம்மதித்தார்கள். துருவில் பாதிதான் கிடைத்தது: றேடியேட்டர் அவர்களுடையது, பெட்டியின் பெயின்ற் அண்ணனுடையது. லொறிக் கூலியில் அசையவில்லை. செட் இறங்கிய அன்று இருவரும் டோர்ச் லைற் அடித்துப் பெட்டியின் மூட்டுகள், அடித்தட்டு, திருகாணிகள் எல்லாம் படம் பிடித்தோம். வலது பக்கக் கதவின் கீழ் மூலையில் ஏற்கெனவே விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. அதையும், மணிமீற்றரில் இருந்த 4 மணித்தியாலத்தையும் ஒப்படைப்புத் தாளில் எழுதி, கொண்டுவந்த பொடியனிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அண்ணன் லொறியைப் போகவிட்டார்.