‘செட்டிநாடு’ என்றதும் கோழியா, தேன்குழலா? பெயரைச் சோதித்துப் பார்த்த இரண்டு வழிகள்

காரைக்குடியில் எங்கள் பலகாரத்துக்குப் பெயரே தேவைப்பட்டதில்லை. “மூணாவது வீட்டுத் தேன்குழல்” என்றால் தெருவுக்கே தெரியும். சென்னைக்குப் பாக்கெட் போட்டு அனுப்பலாம் என்று முடிவானதும் தகராறு ஆரம்பித்தது. அட்டையில் ‘செட்டிநாடு’ என்று பெரிதாகப் போட வேண்டும் என்றார் மைத்துனர். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. சரி, வாங்கப் போகிறவர்களிடமே கேட்போம் என்று இறங்கினோம்.

‘தரமானது, பாரம்பரியமானது, சுவையானது’ என்று பட்டியல் நீட்டி டிக் அடிக்கச் சொல்லும் முறையை முதலிலேயே தள்ளிவிட்டோம். எல்லாரும் எல்லாவற்றுக்கும் டிக் அடிப்பார்கள். அதில் இருப்பது நம் சொற்கள், அவர்களுடையவை இல்லை.

மிச்சமிருந்தவை இரண்டு. ஒன்று, சொல்லைச் சொன்னதும் மனதில் வரும் முதல் சொல்லைக் கேட்பது. மற்றொன்று, அந்தப் பெயரை ஒரு ஆளாகவோ படமாகவோ கற்பனை செய்யச் சொல்வது. இரண்டையும் செய்து பார்த்தேன். என் ஓட்டு முதலாவதுக்கு.

சொல் முறை பழையது. 1900களின் தொடக்கத்தில் ஜூரிக்கில் கார்ல் யுங் என்ற மனநல மருத்துவர் நூறு சொற்கள் கொண்ட பட்டியலையும் ஸ்டாப்வாட்சையும் வைத்துக்கொண்டு நோயாளிகளிடம் இதைச் செய்தார். என்ன பதில் வந்தது என்பதோடு, எவ்வளவு தாமதித்து வந்தது என்பதையும் குறித்தார். நாங்கள் பன்னிரண்டு சொற்களோடு நிறுத்திக்கொண்டோம். மழை, சைக்கிள், கல்யாணம் என்று சாதாரணச் சொற்கள். ஏழாவது இடத்தில் ‘செட்டிநாடு’. எதைச் சோதிக்கிறோம் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று பதில்கள், வந்த வரிசையிலேயே, அவர் சொன்ன உச்சரிப்பிலேயே எழுத வேண்டும். மூன்று விநாடிக்கு மேல் யோசித்தால் ஓரத்தில் ஒரு புள்ளி. கேட்கப் போனது பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன். நான் போனால் “உங்க பலகாரத்துக்கு என்னண்ணே குறை” என்று உபசாரம்தான் கிடைக்கும்.

முதல் சுற்றிலேயே சறுக்கினோம். சென்னையில் பத்துப் பேரிடம் கேட்டதில் எட்டுப் பேர் ‘முறுக்கு’, ‘அதிரசம்’ என்று சொல்லியிருந்தார்கள். மைத்துனர் அட்டை அச்சடிக்கவே கிளம்பிவிட்டார். அப்புறம்தான் பட்டியலைப் பார்த்தேன்: ஆறாவது சொல் ‘தீபாவளி’. அந்த வாசனையில்தான் அடுத்த பதிலும் வந்திருக்கிறது. அந்தப் பத்துத் தாள்களையும் ஒதுக்கிவிட்டு, ஆறாவது இடத்தில் ‘குடை’ என்று மாற்றிப் புது ஆட்களிடம் போனோம். இந்த முறையில் எது கெட்டாலும் இப்படித்தான் கெடும். அதனால் பதில்கள் ரொம்ப ஒரே மாதிரி வந்தால் முந்தைய சொல்லைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது சுற்றில் சென்னையில் முப்பது பேர். பதினோரு பேருக்கு முதல் சொல் சிக்கன். ஒன்பது பேர் ‘காரம்’ என்றார்கள். நான்கு பேர் வீடு அல்லது அரண்மனை. மூன்று பேர் சிமெண்ட். பலகாரம் என்றவர்கள் இரண்டே பேர். மிச்சம் ஒருவர் வெகுநேரம் யோசித்துவிட்டு “புடவை” என்றார். காரைக்குடியிலேயே கேட்டபோது வேறு கதை. “அடுத்த ஸ்டேஷன்” என்றார் ஒருவர். உள்ளூர்க்காரருக்கு அது ரயில் நிற்கும் ஊர்.

இந்த ‘காரம்’தான் என்னை ஒரு வாரம் உட்கார வைத்தது. இரண்டு முறைகளுக்கும் உண்மையான வித்தியாசம் கேட்கும் நேரத்தில் இல்லை, கேட்ட பிறகு பதில்களை வகை பிரிக்கும் வேலையில் இருக்கிறது. பலகாரக்காரனுக்குக் காரம் என்றால் மிக்சர், சேவு. சாப்பாட்டுக்கடைக்காரருக்கு அது மிளகாய். ஒன்பது பேரின் பதிலையும் நான் ‘நம்ம பக்கம்’ என்று அடுக்கினேன், மைத்துனர் ‘குழம்பு’ என்று அடுக்கினார். பெயரைப் போடச் சொன்னவரே அப்படி அடுக்கினார் என்பது வேறு விஷயம். ஒருவருக்கொருவர் காட்டாமல் தனித்தனியாகப் பிரித்ததால்தான் இது வெளியே வந்தது. ஒரே ஆள் பிரித்திருந்தால் அவன் ஆசைதான் முடிவாகியிருக்கும்.

வழி தாளிலேயே இருந்தது. மூன்று பதில் வாங்கியிருந்தோம் அல்லவா? ‘காரம், பெப்பர் சிக்கன், கண்ணுல தண்ணி’ என்று போனவர்கள் ஏழு பேர். ‘காரம், மிக்சர், காபி’ என்று போனவர் ஒருவர். இன்னொருவர் ‘காரம்’ என்றதோடு நின்றுவிட்டார், அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. ‘ஆச்சி’ என்ற பதிலிலும் இதே சிக்கல். எங்கள் பக்கம் அக்காவையும் ஆச்சி என்போம். சென்னையில் அது பாட்டியாகவோ மசாலா பாக்கெட்டாகவோ இருக்கலாம். இரண்டாவது சொல் இல்லாமல் முதல் சொல்லை நம்பக்கூடாது. ஒருவருக்கு ஐந்து நிமிடம், பிரிக்க இரண்டு மாலை. அடுத்த வருஷம் இதே பட்டியலோடு போனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆள் கற்பனை முறையில் அது முடியாது. எட்டுப் பேரிடம், ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் செலவிட்டோம். பழைய வாரப் பத்திரிகைகளைக் கொடுத்து இந்தப் பெயருக்கு ஏற்ற படங்களை வெட்டி ஒட்டச் சொன்னோம். பத்திரிகையில் இருந்ததெல்லாம் நகை விளம்பரமும் மனை விளம்பரமும், ஒட்டியதும் அவைதான். படங்களை நாம் கொடுக்காமல் அவர்களையே தேடிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். 1990களில் ஹார்வர்டின் ஜெரால்ட் சால்ட்மன் வகுத்த முறையில் அப்படித்தான் செய்வார்கள். எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது.

ஆனாலும் நியாயமாகச் சொன்னால், என்னை உறுத்திய பதில் வந்தது இதிலிருந்துதான். இந்தப் பெயர் ஒரு ஆளாக இருந்தால் யார் என்று கேட்டதற்கு வேளச்சேரியில் ஒரு பெண் சொன்னது: “ஆள் இல்லைங்க. பெரிய வீடு, பூட்டிக் கிடக்கு. திண்ணைல வாட்ச்மேன் மட்டும் உட்கார்ந்திருக்கார்.” சொல் முறையில் இது ‘வீடு’ என்ற ஒரே சொல்லாக வந்து, நல்ல வகையில் போய்ச் சேர்ந்திருக்கும். பூட்டு தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பூட்டு எத்தனை பேர் மனதில் இருக்கிறது என்று எட்டுப் பேரை வைத்து எப்படிச் சொல்வது? இன்னும் பத்துப் பேரிடம் கேட்கப் பணமும் பொறுமையும் இல்லை.

இன்னொரு சுற்றுவழியும் உண்டு. 1950இல் மேசன் ஹேர் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டு மளிகைப் பட்டியல்களைத் தயாரித்தார். காபியைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றே: ஒன்றில் நெஸ்கஃபே இன்ஸ்டன்ட், மற்றதில் காபித்தூள். இதை வாங்கும் பெண் எப்படிப்பட்டவள் என்று கேட்டதில், இன்ஸ்டன்ட் வாங்கியவளைச் சோம்பேறி என்றவர்கள் கிட்டத்தட்ட பாதிப் பேர். காபித்தூள் வாங்கியவளை அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலர். பிராண்டைப் பற்றிக் கேட்காமல், வாங்குகிறவளைப் பற்றிக் கேட்டதுதான் சாமர்த்தியம். நான் இதை ஒரே ஒரு தடவை, ஆறு பேரிடம் மட்டும் செய்தேன். அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன்.

அட்டையில் இப்போது ‘தேன்குழல்’ என்பது பெரிதாகவும், ‘காரைக்குடியிலிருந்து’ என்பது கீழே சிறிதாகவும் இருக்கிறது. ‘காரைக்குடி’யையும் சோதித்திருக்க வேண்டும் என்று மைத்துனர் குத்திக்காட்டுகிறார், அது சரிதான். அடுத்த சுற்றில் அதை நான்காவது இடத்தில் வைத்திருக்கிறேன். தை பிறந்த பிறகுதான் போகப் போகிறோம். ஐப்பசியில் எந்தப் பெயரைச் சொன்னாலும் முறுக்குதான் வரும்.